நரம்பின் மூன்று உறைகளும் விரல்நுனியின் தொடு உணர்விகளும்

முழங்கையின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பைக் குறுக்கே வெட்டி, ஸ்லைடில் ஏற்றி, நுண்ணோக்கியின் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்தால் நரம்பிழைகள் உடனே கண்ணில் படுவதில்லை. முதலில் தெரிவது அவற்றைச் சூழ்ந்திருக்கும் இணைப்புத் திசு. அதற்குள் சிறிதும் பெரிதுமாகப் பல வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டமும் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் சேர்ந்த ஒரு கட்டு. வெளியிலிருந்து ஒற்றைக் கயிறாகத் தெரியும் நரம்பு உண்மையில் இப்படிப்பட்ட பல கட்டுகளின் தொகுப்பு. கட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து மூடும் வெளியுறை எபிநியூரியம். ஒவ்வொரு கட்டையும் தனித்தனியே சுற்றியிருப்பது பெரிநியூரியம். கட்டுக்குள் ஒவ்வொரு இழையையும் தழுவி நிற்கும் மெல்லிய திசு எண்டோநியூரியம். இந்த மூன்று அடுக்குகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்ஸல் கீ, குஸ்தாஃப் ரெட்சியஸ் ஆகிய இருவர். நரம்பு மண்டலத்தின் இணைப்புத் திசுவைப் பற்றிய அவர்களுடைய பெரிய படநூல் 1875–76-ல் வெளிவந்தது.

ஸ்லைடில் தெரிவதைச் சரியாகப் படிக்க வேண்டுமானால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த நரம்புத் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். பிறகு ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் தோய்த்து, உருகிய பாரஃபின் மெழுகில் புதைக்கிறார்கள். மெழுகுக்கட்டி இறுகியதும் மைக்ரோடோம் கருவியால் நான்கைந்து மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாக எடுக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைசியாக ஹிமட்டாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்கள் ஏற்றப்படுகின்றன. முதலாவது செல்களின் உட்கருவை நீலமாக்கும். இரண்டாவது மற்றவற்றை இளஞ்சிவப்பாக்கும். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் திசுவிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஆல்கஹால் நீரை எடுத்துத் திசுவைச் சுருக்குகிறது. சைலீன் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. ஸ்லைடில் காணும் சில வெற்றிடங்கள் உயிருள்ள நரம்பில் இருந்தவை அல்ல என்பதற்கு இவைதான் காரணம்.

எபிநியூரியம் பெரும்பாலும் தடித்த கொலாஜன் இழைகளால் ஆனது. அவற்றிடையே கொழுப்புச் செல்கள், நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகள், சிரைகள், நிணநீர்க் குழாய்கள் ஆகியவை கிடக்கின்றன. நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பில் கணிசமான பங்கு இந்த உறைக்கே போய்விடுகிறது. மூட்டுகளைக் கடக்கும் இடங்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. கை மடங்கி நீளும்போது கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லவும், வெளியிலிருந்து வரும் அழுத்தம் பரவிப் போகவும் இந்தத் தளர்வான நிரப்பு இடம்கொடுக்கிறது. எபிநியூரியம் ஒரு தடுப்புச் சுவர் அல்ல. ரத்தத்திலுள்ள புரதங்கள் அதற்குள் வந்துபோகும். வீக்கம் வந்தாலும் அதன் நிணநீர்க் குழாய்கள் நீரை வடித்துவிடும்.

தடுப்பு தொடங்குவது அடுத்த அடுக்கில். சாதாரண ஸ்லைடில் பெரிநியூரியம் ஒவ்வொரு கட்டின் விளிம்பிலும் ஒரு மெல்லிய, இறுக்கமான வளையமாகத் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்த வளையத்துக்குள் தட்டையான, நீண்ட உட்கருக்கள் வட்டத்தின் போக்கிலேயே வரிசையாகப் படுத்திருப்பது தெரியவரும். பெரிய கட்டுகளில் இத்தகைய தட்டைச் செல்கள் பத்துப் பதினைந்து அடுக்குகள் வரை இருக்கும். சிறிய கட்டுகளில் இரண்டு மூன்றுதான். நெடுங்காலம் இதை வெறும் இணைப்புத் திசு என்றே நினைத்திருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாந்தவீரப்பாவும் ஜெஃப்ரி போர்னும் வேறு விதமாகச் சொன்னார்கள். இந்தச் செல்கள் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ச்சியான ஒரு விரிப்பாக அமைந்திருக்கின்றன, எனவே இது உயிர்த்துடிப்புள்ள ஒரு தடுப்புப் படலம் என்பது அவர்கள் வாதம். பின்னர் வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் ஒரே அடுக்கிலுள்ள செல்கள் இறுக்கமான இணைப்புகளால் பூட்டப்பட்டிருப்பதும், ஒவ்வொரு அடுக்கின் இரு புறமும் அடித்தளப் படலம் இருப்பதும் தெளிவாகவே தெரிந்தன.

இந்தப் பூட்டின் வலிமையைச் சாயத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். புரதத்தோடு பிணைந்த சாயத்தை நரம்பைச் சுற்றிச் செலுத்தினால் எபிநியூரியம் முழுக்க நிறம் ஏறும். பெரிநியூரிய வளையத்தின் வெளி விளிம்போடு அது நின்றுவிடும். உள்ளே இருக்கும் தந்துகிகளின் சுவர்களும் இதேபோல இறுக்கமாகப் பூட்டப்பட்டவை. ஆகவே கட்டுக்குள் இருக்கும் திரவத்தின் உப்பும் புரதமும் வெளியுலகின் ஏற்ற இறக்கங்களிலிருந்து காக்கப்படுகின்றன. பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருப்பதற்கும் இந்த வளையம் ஒரு காரணம். நரம்புக்கு வெளியே செலுத்திய மருந்து பெரிநியூரியத்தை ஊடுருவி உள்ளே போனால்தான் இழைகளை அடைய முடியும். அவசரப்பட்டு ஊசி முனையை வளையத்துக்குள்ளேயே செருகி மருந்தைச் செலுத்தினால் உள்ளழுத்தம் ஏறி நரம்பிழைகள் சேதமடையலாம். மயக்க மருந்து நிபுணர்கள் ஊசி போடும்போது வழக்கத்துக்கு மாறான எதிர்ப்பு தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவது இதனால்தான்.

கட்டுக்குள் இருக்கும் அழுத்தம் இயல்பாகவே வெளியைவிடச் சற்று அதிகம். அறுவை மருத்துவர்கள் இதைக் கண்ணால் காண்கிறார்கள்: பெரிநியூரியத்தில் சிறு கீறல் விழுந்தாலே உள்ளிருக்கும் இழைகள் அந்த வழியே பிதுங்கி வெளியே வருகின்றன. எண்டோநியூரியத்தில் நிணநீர்க் குழாய்கள் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே வீக்கம் வந்தால் வடிவதற்கு வழியில்லை, வளையமும் நெகிழ்ந்து கொடுக்காது. ரத்தக் குழாய்கள் பெரிநியூரியத்தைச் சாய்வாகத் துளைத்து உள்ளே நுழைவதால், உள்ளழுத்தம் கூடும்போது நுழைவாயிலிலேயே அவை நசுங்கும். காக்கும் உறையே அப்போது நெரிக்கும் உறையாகிவிடுகிறது. தொழுநோயில் இதுவே ஒரு முக்கியமான சிக்கல்.

ஸ்லைடில் பெரிநியூரியத்துக்கும் அதற்குள் இருக்கும் திசுவுக்கும் நடுவே வெண்மையான பிளவு ஒன்று பல சமயம் தெரியும். பதப்படுத்தும்போது உள்ளிருப்பவை சுருங்கி விலகியதால் வந்த இடைவெளி அது. நோய் என்று அதைப் படித்துவிடக் கூடாது. இதற்கு நேர்மாறான ஒரு பொறியும் உண்டு. முழங்கை, மணிக்கட்டு போன்று நரம்பு அடிக்கடி அழுத்தப்படும் இடங்களில், பெரிநியூரியத்தை ஒட்டி உட்புறமாக, வெளிறிய நிறத்தில், மெல்லிய இழைகள் சுழன்று அமைந்த உருண்டைகள் சில தென்படும். பிரெஞ்சு நுண்ணுடற்கூற்றியலாளர் ஜோசஃப் ரெனோ விவரித்ததால் இவை ரெனோ உருண்டைகள் எனப்படுகின்றன. அழுத்தத்தைத் தாங்க நரம்பே உருவாக்கிக்கொண்ட மெத்தைகளாக இவை இருக்கலாம் என்பது பரவலான கருத்து. பழக்கமில்லாத கண் இவற்றை ரத்தம் நின்று செத்த திசு என்றோ, நரம்புக்குள் வழிதவறி வந்த பாசினியன் கார்பஸில் என்றோ எண்ணிவிடும்.

எண்டோநியூரியம் மிக மெல்லியது. நுண்ணிய கொலாஜன் இழைகள், அங்கங்கே சில ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், மாஸ்ட் செல்கள், மேக்ரோஃபேஜ்கள், தந்துகிகள் — அவ்வளவுதான். இவற்றுக்கு இடையே நரம்பிழைகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு பெரிய இழையிலும் நடுவே ஆக்ஸான், அதைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த மையலின் உறை, அதற்கும் வெளியே ஷ்வான் செல்லின் மெல்லிய படலம் என்ற வரிசை இருக்கும். மையலினைச் சைலீன் கரைத்துவிடுவதால், சாதாரண ஸ்லைடின் குறுக்குவெட்டில் ஒரு வெற்று வளையமும் அதன் நடுவே ஒரு சிறு இளஞ்சிவப்புப் புள்ளியும் மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளிதான் ஆக்ஸான். வளையத்துக்குள் நூலாம்படைபோல் தெரியும் வலை, கொழுப்பு போனபின் எஞ்சிய புரதம். அதே நரம்பை ஆஸ்மியம் டெட்ராக்சைடில் பதப்படுத்தினால் கொழுப்பு நிலைத்துக் கருப்பாகிவிடும். அப்போது ஒவ்வொரு இழையும் கரிய மோதிரமாகத் துலங்கும். அவற்றின் தடிமனையும் அளந்துவிடலாம். பெரிய இழைகள் 20 மைக்ரான் வரை இருக்கும். மையலின் இல்லாத மெல்லிய இழைகள் ஒரு மைக்ரான் அளவே இருப்பதால் சாதாரண நுண்ணோக்கியில் தனித்தனியே தெரிவதில்லை. ஒரே ஷ்வான் செல்லின் மடிப்புகளுக்குள் அவை பலவாகப் பதிந்து கிடக்கும்.

நீளவாக்கில் வெட்டிய நரம்பு வேறு தோற்றம் காட்டும். இழைகள் நேர்கோடாக ஓடாமல் அலையலையாக நெளிந்து செல்லும். உட்கருக்கள் அந்த நெளிவின் போக்கிலேயே மெலிந்து நீண்டிருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஷ்வான் செல்களுடையவை. இந்த நெளிவு, நீட்சிக்கென வைத்திருக்கும் கையிருப்பு. அறுவை அரங்கில் புதிதாகத் திறந்த நரம்பின் மேல் இது குறுக்குப் பட்டைகளாக வெறும் கண்ணுக்கே தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்த ஃபெலிச்சே ஃபான்டானாவின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. நரம்பை இழுத்தால் பட்டைகள் மறையும். ஸ்லைடில் நரம்பையும் மென்தசையையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்கு இந்த நெளிவு நல்ல அடையாளம். அதைவிட நம்பகமான அடையாளம், சுற்றி ஒரு பெரிநியூரிய வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது.

மூன்று உறைகளையும் பிரித்தறிவதன் பயன் காயத்தில் வெளிப்படுகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் சிட்னி சண்டர்லேண்ட் 1951-ல் நரம்புக் காயங்களை ஐந்து படிகளாக வகுத்தபோது, எந்த உறை வரை கிழிந்திருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டார். முதல் படியில் ஆக்ஸான் அறுபடுவதில்லை. கடத்தல் மட்டும் தற்காலிகமாக நின்றுபோகிறது. இரண்டாம் படியில் ஆக்ஸான் அறுந்திருக்கும், ஆனால் அதைச் சூழ்ந்த எண்டோநியூரியக் குழாய் முழுதாக இருக்கும். அறுந்த முனையிலிருந்து ஆக்ஸான் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து, தன் பழைய குழாய் வழியாகவே பழைய இடத்தைச் சேரும். மூன்றாம் படியில் அந்தக் குழாயும் கிழிகிறது. வளரும் ஆக்ஸான்களில் சில தவறான குழாய்க்குள் நுழைந்துவிடும். சுண்டுவிரலுக்குப் போக வேண்டியது மோதிர விரலுக்குப் போய்ச் சேரலாம். நான்காம் படியில் பெரிநியூரியமும் சிதைகிறது. நரம்பு வெளிப்பார்வைக்குத் தொடர்ந்திருந்தாலும் உள்ளே தழும்பே மிஞ்சும். ஐந்தாம் படியில் எபிநியூரியமும் அறுந்து நரம்பு இரண்டு துண்டாகிவிடும். தைக்கும் மருத்துவரின் ஊசி பிடிப்பது எபிநியூரியத்தை, சில சமயம் பெரிநியூரியத்தை. எண்டோநியூரியத்தைத் தைக்க முடியாது. கட்டுகளை நேருக்கு நேர் பொருத்தி வைத்துவிட்டு, மீதியை வளர்ச்சியிடம் விட வேண்டியதுதான்.

நரம்பு தோலை நோக்கிக் கிளைத்துச் செல்லச்செல்ல உறைகள் மெலிகின்றன. கட்டுகள் பிரிந்து தனித்தனியாகும்போது எபிநியூரியம் சுற்றுப்புறத் திசுவோடு கரைந்து மறைகிறது. பெரிநியூரியம் மட்டும் விடாமல் கூடவே வருகிறது. பத்து அடுக்கு ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, கடைசியில் ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்களாக அது ஓரிரு இழைகளை மட்டும் சுற்றியிருக்கும். அந்த ஒற்றை அடுக்கு எங்கே, எப்படி முடிகிறது என்பதில் உணர்விக்கு உணர்வி வேறுபாடு உண்டு. விரல்நுனியின் தோலில் அதற்கு இரண்டு நேரெதிரான முடிவுகளைப் பார்க்கலாம்.

விரல்நுனியின் ஸ்லைடில் மேலே தடித்த கெரட்டின் அடுக்கு, அதன்கீழ் மேல்தோலின் உயிருள்ள செல்கள், அதற்கும் கீழே கொலாஜன் நிறைந்த அடித்தோல், அடியில் கொழுப்பு என்று வரிசை அமைந்திருக்கும். முடி கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். கொழுப்பும் அடித்தோலும் சந்திக்கும் ஆழத்தில், வெட்டிய வெங்காயம்போல் வளையத்துக்குள் வளையமாக ஒரு பெரிய நீள்வட்டம் தெரிந்தால் அதுதான் பாசினியன் கார்பஸில். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் வளர்வதால், திசுவைக் கவனமாகப் பிரித்தால் வெறும் கண்ணுக்கே அகப்படும். ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் ஆபிரகாம் ஃபாட்டர் 1741-ல் இவற்றைக் கண்டிருந்தார். அது மறக்கப்பட்டது. இத்தாலியின் பிஸ்தோயாவில் மருத்துவ மாணவராக இருந்த ஃபிலிப்போ பாசினி, 1831-ல் ஒரு கையை அறுத்துப் படிக்கும்போது இவற்றை மறுபடி கண்டார். தன் நூலை அவரால் 1840-ல்தான் வெளியிட முடிந்தது. 1844-ல் ஹென்லேயும் கோலிக்கரும் பாசினியின் பெயரையே இவற்றுக்குச் சூட்டினார்கள். காலராக் கிருமியை 1854-ல் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தவரும் இதே பாசினிதான்.

கார்பஸிலின் நடுவே ஒரே ஒரு ஆக்ஸான் முனை ஓடுகிறது. உள்ளே நுழைந்த சிறிது தூரத்தில் அது தன் மையலினைக் கழற்றிவிடுகிறது. அதை நெருக்கமாகச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகள் ஷ்வான் செல்களிலிருந்து வந்தவை. அவை முழு வளையங்களாக இல்லாமல், இரு பாதிகளாக எதிரெதிரே நின்று நடுவில் ஒரு பிளவை விடுகின்றன. அதற்கு வெளியே, இடையில் திரவம் தேங்கிய பெரிய வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பொதுவாக 20 முதல் 60 வரை. இந்த வெளி வளையங்கள் வேறெங்கிருந்தும் வந்தவை அல்ல. நரம்போடு தொடர்ந்து வந்த பெரிநியூரியமே இங்கே விரிந்து அடுக்குகளாகியிருக்கிறது. சாந்தவீரப்பாவும் போர்னும் தங்கள் அடுத்த ஆய்வுகளில் இந்தத் தொடர்ச்சியையும் காட்டினார்கள். இன்றைய நோயெதிர்ப்புச் சாயங்கள் அதையே வேறு வழியில் உறுதிசெய்கின்றன: நரம்பின் பெரிநியூரியத்தில் ஏறும் இ.எம்.ஏ. என்ற சாயம் கார்பஸிலின் வெளி வளையங்களிலும் ஏறுகிறது. ஷ்வான் செல்களைக் காட்டும் எஸ்-100 நடுப்பகுதியில் மட்டும் ஏறுகிறது. கட்டு, வளையம், இழை என்று முழங்கை நரம்பில் பார்த்த அதே அமைப்பு, ஒரே ஒரு ஆக்ஸானைச் சுற்றி மிகைப்படுத்தி எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

இத்தனை அடுக்குகள் எதற்கு? இதற்கு விடை தேடிய வெர்னர் லோவன்ஸ்டைனும் மெண்டல்சனும் பூனையின் குடல்தாங்கிச் சவ்விலிருந்து கார்பஸில்களை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வெளி அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்தார்கள். அவர்களின் முடிவு 1965-ல் வெளியானது. முழு கார்பஸிலை அழுத்திப் பிடித்தால், அழுத்தும் கணத்தில் ஒரு மின் மாற்றம் எழுந்து உடனே தணிந்துவிடும். கையை எடுக்கும்போது மீண்டும் ஒன்று எழும். நடுவில் எவ்வளவு நேரம் அழுத்தியிருந்தாலும் அமைதிதான். அடுக்குகளை உரித்த பிறகு அழுத்தினால், அழுத்தம் நீடிக்கும்வரை மின் மாற்றமும் நீடித்து மெதுவாகவே தணிந்தது. அடுக்குகளிடையே உள்ள திரவம் நிலையான அழுத்தத்தைப் பக்கவாட்டில் பரப்பிவிடுகிறது, திடீர் மாற்றத்தை மட்டும் மையத்துக்குக் கடத்துகிறது என்று இதிலிருந்து தெரிந்தது. இதில் பலரும் விட்டுவிடும் ஒரு செய்தியும் உண்டு. உரித்த பிறகும் ஆக்ஸான் ஓரிரு துடிப்புகளோடு ஓய்ந்துவிட்டது. விரைவில் அடங்கும் இயல்பில் ஒரு பங்கு உறைகளுடையது, மறு பங்கு ஆக்ஸானுடையது. அதனால்தான் பாசினியன் கார்பஸில் அழுத்தத்தைவிட அதிர்வையே சிறப்பாக அறிகிறது. நொடிக்கு 200, 300 முறை துடிக்கும் அதிர்வுக்கு அது மிகக் கூர்மையாகப் பதிலளிக்கிறது. கையிலுள்ள கருவியின் முனை சொரசொரப்பான பரப்பில் உரசுவது கைப்பிடி வழியாக விரலுக்குத் தெரிவது இதன் வேலை.

ஸ்லைடில் இதை அடையாளம் காண்பது எளிது என்றாலும், வெட்டு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துத் தோற்றம் மாறும். நடுவழியாக விழுந்தால் மையமும் ஆக்ஸானும் தெரியும். ஓரமாகச் சீவிச் சென்றால் வளையங்கள் மட்டும் தெரியும், நடுவே எதுவுமிருக்காது. சில மாணவர்கள் அதைச் சிதைந்த ரத்தக்குழாய் என்று எழுதிவிடுவதுண்டு. ரத்தக்குழாயில் நடுவே திறந்த பாதையும் அதன் உட்சுவரில் செல்களும் இருக்கும். இங்கே அவை இருக்காது. அடுத்தடுத்த சீவல்களைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மைஸ்னர் கார்பஸில் இருப்பது வேறு உயரத்தில். அடித்தோல் மேல்தோலுக்குள் விரல்விரலாக நீட்டும் முகடுகளின் உச்சியில், மேல்தோலை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு அது நிற்கும். நீளம் 100 மைக்ரானைச் சுற்றி. அகலம் அதில் பாதிக்கும் குறைவு. ருடால்ஃப் வாக்னரும் ஜார்ஜ் மைஸ்னரும் 1852-ல் கோட்டிங்கன் நகரில் இதை விவரித்தார்கள். தட்டையான ஷ்வான் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாக அடுக்கப்பட்டிருக்க, ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்ஸான்கள் அவற்றிடையே வளைந்து நெளிந்து மேலேறுகின்றன. சாதாரணச் சாயத்தில் இந்தக் கிடைமட்ட உட்கருக்கள்தான் தெரியும். ஆக்ஸானைக் காண வெள்ளி உப்புச் சாயமோ நோயெதிர்ப்புச் சாயமோ வேண்டும்.

பாசினியனோடு ஒப்பிட்டால் இங்கே உறையின் கதை தலைகீழ். கூடவே வந்த பெரிநியூரியம் கார்பஸிலின் அடிப்பகுதியில், சிறு கிண்ணம்போல் கொஞ்சம் தழுவிவிட்டு, திறந்த வாயோடு முடிந்துவிடுகிறது. மேல்பாதி உறையின்றி அடித்தோலின் கொலாஜன் இழைகளால் மேல்தோலோடு நேரே கட்டப்பட்டிருக்கிறது. தோல் ஒரு திசையில் சிறிது வழுக்கினாலும் அந்த இழைகள் செல் அடுக்குகளை இழுக்கும். ஆக்ஸான் அதை உடனே அறியும். பிடித்த குவளை கையிலிருந்து நழுவத் தொடங்கும் அந்தச் சிறு அசைவையும், நொடிக்கு 10 முதல் 50 வரையிலான மெதுவான படபடப்பையும் உணர்வது இதுவே. திறந்த முனை என்றால் அங்கே நரம்புத் தடுப்பும் இல்லை என்று பொருள். அடித்தோலில் உலவும் எதுவும் எண்டோநியூரிய இடைவெளியை எட்டிவிட முடியும்.

மைஸ்னர் கார்பஸில்கள் வயதோடு எண்ணிக்கையில் குறைகின்றன. குழந்தையின் விரல்நுனிச் ஸ்லைடில் முகடுக்கு முகடு தென்படுபவை முதியவரின் ஸ்லைடில் தேடிப்பிடிக்க வேண்டியவையாகிவிடும். ஆகவே ஒரு சீவலில் காணவில்லை என்பதால் நோய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 40 மைக்ரான் அகலமுள்ள ஒன்று ஐந்து மைக்ரான் சீவல்களில் எட்டில்தான் தென்படும். ஒன்பதாவது சீவலில் அது இருக்காது.

மற்ற இரண்டு உணர்விகளைப் பற்றி ஸ்லைடு அதிகம் சொல்வதில்லை. ஃபிரீட்ரிக் மெர்க்கெல் 1875-ல் விவரித்த மெர்க்கெல் செல்கள் மேல்தோலின் அடிவரிசையிலேயே கலந்து கிடப்பதால், சாதாரணச் சாயத்தில் பக்கத்துச் செல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. சைட்டோகெரட்டின்-20 சாயம் ஏற்றினால் அவை மட்டும் பழுப்பாகத் துலங்கும். விளிம்பையும் முனையையும் அறியும் நீடித்த அழுத்த உணர்வு அவற்றின் வேலை. ஆஞ்செலோ ருஃபினி 1890-களில் விவரித்த உணர்வியோ, பாடநூல்களில் எப்போதும் வரையப்படுகிறது. ஆனால் மனித ஆட்காட்டி விரலின் தசைப்பற்றில் தேடியவர்கள் மிகச் சிலவற்றையே கண்டார்கள். படத்தில் இருப்பதால் ஸ்லைடிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இவை எல்லாம் ஒரே ஸ்லைடில் தேவைப்படும் இடம் தொழுநோய். தமிழகத்தில் இந்த ஆய்வுக்கு நீண்ட மரபுண்டு. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1950-களில் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் மையத்தில் நரம்பு நோயியல் ஆழமாகப் படிக்கப்பட்டது. முன்கையில் வெளிறிய, விளிம்பு தெளிவான, தொட்டால் தெரியாத ஒரு படையோடு ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். மருத்துவர் படையின் விளிம்பிலிருந்து, கொழுப்பு வரை ஆழமாக, ஒரு சிறு துண்டு எடுத்து அனுப்புகிறார். மேலோட்டமாக எடுத்த துண்டில் நரம்பே இருக்காது; அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

குறைந்த உருப்பெருக்கத்தில் அடித்தோலில் செல் குவியல்கள் தெரிகின்றன. எபிதீலியாய்டு எனப்படும் வெளிறிய செல்கள் நடுவிலும், லிம்ஃபோசைட்டுகள் சுற்றிலும், சில இடங்களில் பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களும் இருக்கின்றன. இந்தக் குவியல் கிரானுலோமா. இதே தோற்றம் சார்காய்டோசிஸ் என்ற வேறொரு நோயிலும் வரும். இரண்டையும் பிரிக்க முதலில் வடிவத்தைப் பார்க்க வேண்டும். சார்காய்டோசிஸில் குவியல்கள் உருண்டையாக, லிம்ஃபோசைட்டுகள் அதிகமில்லாமல் நிற்கும். தொழுநோயின் டியூபர்குலாய்டு வகையில் அவை நீண்டு, வளைந்து, நரம்பும் ரத்தக்குழாயும் செல்லும் பாதையிலேயே படர்ந்திருக்கும். நரம்பு இருக்க வேண்டிய இடத்தை அவையே நிரப்பியிருக்கும்.

அடுத்து எஸ்-100 சாயம். சார்காய்டோசிஸில் குவியலுக்கு வெளியே நரம்புக் கட்டுகள் முழு உருவத்தோடு பழுப்பாகத் தெரியும். தொழுநோயில் குவியலுக்கு உள்ளேயே அறுந்த துணுக்குகளாக நரம்பின் மிச்சம் தெரியும், அல்லது நரம்பே எங்கும் தெரியாது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. எஸ்-100 ஷ்வான் செல்லுக்கு மட்டும் உரியதல்ல. மேல்தோலின் நிறமிச் செல்களும், கிரானுலோமாவுக்குள் வரும் கிளைத்த நோயெதிர்ப்புச் செல்களும் அதை ஏற்கும். தனித்தனியாகக் கிளைவிட்டு நிற்பவை அந்தச் செல்கள். இணையாக வரிசையில் ஓடும் நீண்ட துணுக்குகளே நரம்பு.

கடைசியாகக் கிருமியைத் தேடுகிறார்கள். தொழுநோய்க் கிருமியின் மேற்சுவர் காசநோய்க் கிருமியினுடையதைவிட எளிதில் சாயத்தை இழப்பதால், ஃபைட் முறையில் மெழுகை நீக்கும்போதே சைலீனோடு கடலை எண்ணெய் கலந்து அந்தச் சுவரைக் காக்கிறார்கள். அப்படியும் டியூபர்குலாய்டு வகையில் கிருமி பெரும்பாலும் கிடைப்பதில்லை. நோயெதிர்ப்பு வலுவாக இருந்து கிருமிகளைக் கொன்றுவிட்டதே காரணம். நரம்பை அழித்ததும் அந்த எதிர்ப்பின் சீற்றம்தான். நேர்மாறாக, எதிர்ப்பு இல்லாத லெப்ரமேட்டஸ் வகையில் நரம்பின் உருவம் நெடுநாள் அப்படியே இருக்கும். ஷ்வான் செல்களுக்குள்ளும் பெரிநியூரியச் செல்களுக்குள்ளும் சிவப்புக் கம்பிகளாகக் கிருமிகள் கூட்டமாகக் கிடக்கும். பெரிநியூரியம் பிரிந்து, அடுக்கு கூடி, வழக்கத்தைவிடப் பல மடங்கு தடித்து நிற்கும். நோய் முற்றி எல்லாம் ஓய்ந்தபின், உள்ளே கொலாஜன் தழும்பும் வெளியே அந்தத் தடித்த வளையமும் மட்டும் மிஞ்சுவதுண்டு. அங்கே ஒரு நரம்பு இருந்ததற்கு அந்த வளையமே சாட்சி.

படையில் வெப்பம், வலி, மெல்லிய தொடுகை ஆகிய உணர்வுகள் முதலில் போகின்றன. அதிர்வு அறியும் ஆற்றலும், கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் பெரும்பாலும் பிந்தியே கெடுகின்றன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகுவது. மேல்தோலை ஒட்டிய மெல்லிய நரம்புமுனைகளும் மைஸ்னர் கார்பஸில்களும் அந்தக் குளிர்ந்த பகுதியில் இருக்கின்றன. பாசினியன் கார்பஸில்களும் அவற்றுக்குச் செல்லும் தடித்த இழைகளும் ஆழத்தில், சூடான திசுவுக்குள் இருக்கின்றன. முழங்கையில் அல்நார் நரம்பின் தண்டே தோலை ஒட்டி, குளிர்ந்து, தடித்து, அதன் பெரிநியூரியத்துக்குள் அழுத்தம் ஏறும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அப்போது சுண்டுவிரலின் எல்லா உணர்வுகளும் ஒன்றாகப் போகின்றன. விரலை விரிக்கும் சிறு தசைகளும் அவற்றோடு சேர்ந்து தளர்கின்றன.